40% தள்ளுபடியா, மூன்று கோர்ஸ் காம்போவா?

சம்பளம் வரும் வாரத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், டேலி, எக்ஸல், ஸ்போக்கன் இங்கிலீஷ், பங்குச்சந்தை என்று ஏதாவது ஓர் ஆன்லைன் கோர்ஸ் நம்மைக் கூப்பிடும். ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கோர்ஸை ஆயிரத்து இருநூறுக்குத் தருகிறேன் என்பார். இன்னொருவர் மூன்று கோர்ஸும் சேர்த்து மூவாயிரம் என்பார். இரண்டில் எது நல்ல வியாபாரம் என்று விற்பவரைக் கேட்டால், பதில் தயாராக இருக்கும்: “தீபாவளிக்குத் தள்ளுபடி போட்டோம், பிய்த்துக்கொண்டு போனது. ஜனவரியில் காம்போ போட்டோம், அவ்வளவாக ஓடவில்லை.”

தீபாவளி நேரத்தில் பலர் கையில் போனஸ் இருக்கும். ஜனவரியில் பொங்கல் செலவு இருக்கும். இரண்டு வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு மனநிலையில் இருந்தவர்களிடம் விற்றதை வைத்துத் தள்ளுபடியையும் காம்போவையும் ஒப்பிட முடியாது. அதில் தெரிவது மாதத்தின் குணமா, ஆஃபரின் குணமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் பிரிக்க ஒரு வழி நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-ல் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், எந்த உரம் நல்லது என்று கண்டுபிடிக்க, வயலின் பாத்திகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கச் சொன்னார். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்துவிடும். மிச்சமிருக்கும் வித்தியாசம் உரத்தினுடையது. இணையத்தில் இன்று நடக்கும் விலைச் சோதனைகளும் இதே குலுக்கல்தான். குலுக்குவது சுலபம். ரிசல்ட்டை வாசிக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. ஒரே சோதனையை நான்கு விதமாகக் கணக்குப் பார்த்தால் நான்கு விதமான பதில் வரக்கூடும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். உதாரணத்தின் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்கு முறை நிஜமானது.

பன்னிரண்டாயிரம் பேர், மூன்று குழு

ஒருவர் மூன்று கோர்ஸ் விற்கிறார். டேலி 2,000 ரூபாய், எக்ஸல் 1,500, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் 1,500. இலவச வகுப்புக்கு வந்து நம்பர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் 12,000 பேர். இவர்களை ஒரு ஷீட்டில் போட்டு, பக்கத்துப் பத்தியில் `=RAND()` என்று கொடுத்து, அந்த எண்களை மதிப்பாக ஒட்டி, அதன்படி வரிசைப்படுத்தி, 4,000 பேராக மூன்று குழுவாக வெட்டுகிறார்.

முதல் குழுவுக்கு எல்லாமே முழு விலை. இரண்டாவது குழுவுக்கு டேலி மட்டும் 40% தள்ளுபடியில் 1,200 ரூபாய். மூன்றாவது குழுவுக்கு 5,000 ரூபாய் பெறும் மூன்று கோர்ஸும் சேர்த்து 3,000. அதுவும் 40% குறைவுதான். டேலியை மட்டும் வாங்க நினைத்தால் 2,000 கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, குறைப்பின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரு பக்கம் 20% தள்ளுபடி, மறுபக்கம் 60% மலிவான காம்போ என்று வைத்துவிட்டு “மக்களுக்குக் காம்போதான் பிடிக்கிறது” என்று சொல்வது நியாயமாகாது. அங்கே ஜெயித்தது மலிவு விலையாக இருக்கலாம். இரண்டாவது, எதுவும் தராத முழு விலைக் குழு. பலர் இதைத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு ஆஃபரில் எது மேல் என்றுதான் சொல்ல முடியும். ஆஃபரே வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஆஃபர் இரண்டு முழு வாரம், ஒன்றாம் தேதியும் உள்ளே வரும்படி. முடிந்ததும் எல்லோருக்கும் பழைய விலை.

ஒரே ரிசல்ட், நான்கு வாசிப்பு

இரண்டு வாரம் முடிந்தது. முழு விலைக் குழுவில் 80 பேர் டேலி வாங்கினார்கள். தள்ளுபடிக் குழுவில் 160 பேர். காம்போ குழுவில் 44 பேர் காம்போவும் 36 பேர் டேலி மட்டும், ஆக 80 பேர். தலையை எண்ணினால் தள்ளுபடி இரட்டிப்பு வெற்றி. பெரும்பாலான விற்பனைப் பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இப்போது பணத்தை எண்ணுவோம். முழு விலைக் குழு 1,60,000 ரூபாய், தள்ளுபடிக் குழு 1,92,000, காம்போ குழு 2,04,000. இதை வாங்கியவர்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. ஆஃபர் யாருக்குக் காட்டப்பட்டதோ அந்த 4,000 பேராலும் வகுக்க வேண்டும். வாங்கியவர் சராசரியாக எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்தால் காம்போ எப்போதும் பிரமாதமாகத்தான் தெரியும். வாங்காமல் போனவர்கள் அந்தக் கணக்கில் காணாமல் போகிறார்கள். 4,000-ஆல் வகுத்தால் ஒரு ஆளுக்கு 40, 48, 51 ரூபாய். காம்போ முந்துகிறது.

மூன்றாவது வாசிப்பு ரீஃபண்டுக்குப் பிறகு. முழு விலையில் 4 பேர், தள்ளுபடியில் 8 பேர், காம்போவில் 6 பேர், காம்போ குழுவில் டேலி மட்டும் வாங்கியவர்களில் 2 பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள் என்று வைப்போம். காம்போ வாங்கியவர் திருப்பிக் கேட்டால் ஒரே அடியில் 3,000 போகும். எக்ஸல் மட்டும் பிடிக்கவில்லை என்றாலும் மூன்றையும் சேர்த்துத்தான் திருப்புவார். கழித்துப் பார்த்தால் தள்ளுபடி 1,82,400, காம்போ 1,82,000. ஒரு ஆளுக்கு 45 ரூபாய் 60 காசும் 45 ரூபாய் 50 காசும். முந்திய காம்போ தள்ளுபடிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

நான்காவது வாசிப்பைத்தான் யாரும் செய்வதில்லை. அதற்குத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும். ஆஃபர் முடிந்த பிறகும் மக்கள் வாங்குகிறார்கள். முழு விலைக் குழுவில் தள்ளிப்போட்டவர்கள் 20 பேர் பிறகு வந்து டேலி வாங்கினார்கள். ஏற்கெனவே படித்தவர்களில் 24 பேர் 1,500 கொடுத்து இன்னொரு கோர்ஸ் எடுத்தார்கள். தள்ளுபடிக் குழுவில் 30 பேர் இன்னொரு கோர்ஸ் எடுத்தார்கள். டேலிக்குப் புதிதாக வந்தவர்கள் 6 பேர்தான். அடுத்த மாதம் முழு விலைக்கு வந்திருக்க வேண்டியவர்களில் பலர் இந்த மாதமே 1,200-க்கு வாங்கிவிட்டார்கள். தள்ளுபடி புதிய மாணவர்களைக் கொண்டுவருகிறது என்பது உண்மை. வரப்போகிறவர்களை மலிவு விலைக்கு முன்னால் இழுத்துவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டு வார ரிப்போர்ட்டில் முதலாவது மட்டுமே தெரியும்.

காம்போ குழுவில் வேறு கதை. மூன்றையும் வாங்கியவருக்கு இனி விற்க எதுவுமில்லை. டேலி மட்டும் எடுத்தவர்களில் 8 பேர் இன்னொன்று எடுத்தார்கள். தாமதமாக 18 பேர் டேலிக்கு வந்தார்கள். எல்லாம் கூட்டினால் முழு விலை 2,28,000, தள்ளுபடி 2,39,400, காம்போ 2,30,000.

கடைசியாகச் செலவு. ரெகார்ட் செய்த வீடியோவை ஒருவர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் செலவு பெரிதாக மாறாது. ஆனால் டவுட் கேட்கும் குரூப்பில் பதில் சொல்ல ஆள் வேண்டும். கோர்ஸ் எத்தனை என்றாலும் ஒரு மாணவருக்கு 200 ரூபாய் என்று வைத்தால், தள்ளுபடிக் குழுவின் 158 பேருக்கு 31,600, முழு விலையின் 96 பேருக்கு 19,200, காம்போ குழுவின் 90 பேருக்கு 18,000. கழித்துவிட்டு 4,000-ஆல் வகுத்தால், முழு விலை 52 ரூபாய் 20 காசு, தள்ளுபடி 51 ரூபாய் 95 காசு, காம்போ 53 ரூபாய்.

இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகத் தெரிந்தது, தொண்ணூறு நாளில் சமமாகிவிட்டது. இந்த வியாபாரத்துக்குத் தேவையான பதில் இதுதான். முதல் ரிப்போர்ட்டோடு நிறுத்தியவருக்கு இது கடைசிவரை தெரியப்போவதில்லை.

ஜி.எஸ்.டி.யும் பேமென்ட் கேட்வே கட்டணமும் விலைக்கு விகிதமாகவே போவதால் மூன்று குழுவையும் ஒரே மாதிரிதான் குறைக்கும், வரிசை மாறாது. அதனால் இங்கே சேர்க்கவில்லை.

நான்கே பேர் மாற்றிய வெற்றி

ரீஃபண்டுக்கு முன் காம்போ 51, தள்ளுபடி 48 என்று பார்த்தோம். இந்த மூன்று ரூபாயை எவ்வளவு நம்பலாம்? ஒரு காம்போ விற்றால் 3,000 ரூபாய். அதை 4,000-ஆல் வகுத்தால் சராசரியில் 75 காசு. நான்கு பேர் அன்றைக்கு வாங்காமல் விட்டிருந்தால் மூன்று ரூபாய் வித்தியாசமே இருந்திருக்காது. நான்கு பேரின் மனநிலையில் தொங்கும் வெற்றியை வைத்துக் கடையின் விலைக்கொள்கையை மாற்றுவது ஆபத்து.

இதை அளக்க ஒரு சூத்திரம் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பத்தியில் 4,000 பேர் கொடுத்த தொகையையும் எழுதுங்கள். வாங்காதவருக்குப் பூஜ்யம் போடுங்கள்; காலியாக விட்டால் ஷீட் அவரை எண்ணாது, கணக்கே கெட்டுவிடும். பிறகு:

```
=STDEV(B2:B4001)/SQRT(4000)
```

குலுக்கலின் தற்செயலால் சராசரி எவ்வளவு ஆடும் என்பதை இது சொல்லும். நம் உதாரணத்தில் காம்போவுக்கு ஏறக்குறைய 5 ரூபாய் 75 காசு, தள்ளுபடிக்கு 3 ரூபாய் 70 காசு. காம்போவில் குறைவான பேர் பெரிய தொகை கொடுப்பதால் அதன் ஆட்டம் எப்போதும் அதிகம். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 14 வரும். அதாவது வித்தியாசம் மூன்று ரூபாய், கூடக் குறையப் பதினான்கு. காம்போ ஒரு ஆளுக்கு 17 ரூபாய் அதிகமாகக் கொடுப்பதாகவும் இருக்கலாம், 11 ரூபாய் குறைவாகக் கொடுப்பதாகவும் இருக்கலாம். நேர்மையான வாசிப்பு இவ்வளவுதான்.

அதே சமயம், தள்ளுபடியில் வாங்கியவர்கள் 80-லிருந்து 160 ஆனது தற்செயல் இல்லை. அந்த வித்தியாசம், தற்செயலாக ஆடக்கூடிய அளவைப் போல ஐந்து மடங்கு. “தள்ளுபடி கூட்டத்தைக் கூட்டியது” என்பது நிரூபணமான கூற்று. “தள்ளுபடி லாபத்தைக் கூட்டியது” என்பது நிரூபணமாகாத கூற்று. ஒரே ஷீட்டிலிருந்து வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. வியாபாரக் கூட்டங்களில் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதற்குக் கைதட்டல் வாங்குகிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இந்தக் கணக்கைச் சோதனைக்கு முன்பே போட வேண்டும். 4,000 பேர் கொண்ட குழுக்களால் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 19 ரூபாய் வித்தியாசம் இருந்தால்தான் நம்பகமாகப் பிடிக்க முடியும். மூன்று ரூபாயைப் பிடிக்க ஒரு குழுவுக்கே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேண்டும். அவ்வளவு பெரிய லிஸ்ட் சிறிய விற்பனையாளர் யாரிடமும் இருக்காது. அவர்கள் 38%, 40% என்று நுணுக்கமாகச் சோதிப்பதில் பயனில்லை. முழு விலைக்கும் பாதி விலைக்கும், ஒரு கோர்ஸுக்கும் மூன்று கோர்ஸுக்கும் இடையிலான பெரிய வித்தியாசங்களை மட்டும் சோதிக்கலாம்.

தினமும் எட்டிப் பார்த்தால்

இன்னொரு பழக்கம் ரிசல்ட்டைத் தினமும் திறந்து பார்ப்பது. பார்ப்பதில் தவறில்லை, பார்த்து, நமக்குப் பிடித்தது முந்தும் நாளில் நிறுத்திவிடுவதுதான் தவறு. உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு ஆஃபரைச் சோதித்தால், முடிவில் ஒரே ஒருமுறை பார்ப்பவர் ஏமாறும் வாய்ப்பு 5%. நடுவில் ஐந்துமுறை பார்த்து, வித்தியாசம் தற்செயலின் அளவைத் தாண்டியதாகத் தெரியும்போது நிறுத்துகிறவருக்கு அது 14% ஆகிறது. பத்துமுறை என்றால் 19%. மருத்துவச் சோதனைகளுக்காக 1969-லேயே கணக்கிட்டுச் சொல்லப்பட்டது இது. எந்தத் தேதியில் முடிவெடுப்போம், எந்த எண்ணை வைத்து எடுப்போம் என்பதை ஆஃபர் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி, கூட வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

இதன் தம்பிதான் மாவட்டவாரியாகப் பிரித்துப் பார்ப்பது. மொத்தத்தில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்ததும், கோயம்புத்தூரில் காம்போ ஜெயித்திருக்கிறதே என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் இப்படிப் பிரித்தால், எந்த வித்தியாசமும் இல்லாதபோதும் சராசரியாக இரண்டு மாவட்டங்களில் ஏதோ நடப்பதுபோலத் தெரியும். அதை அடுத்த சோதனைக்கான கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம், பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழுக்களின் எண்ணிக்கையையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பேஜைத் திறந்தவர்களை மட்டும் எண்ணும் ரிப்போர்ட்டில் தள்ளுபடிக்கு 4,000, காம்போவுக்கு 3,700 என்று இருந்தால் எங்கோ கோளாறு. குலுக்கல் சரியாக இருந்தால் இவ்வளவு இடைவெளி அபூர்வமாகத்தான் வரும். காம்போ பேஜில் மூன்று டெமோ வீடியோ இருப்பதால் விலை குறைந்த போன்களில் அது திறக்காமலே போயிருக்கலாம். அப்படிப் போனவர்களை விட்டுவிட்டு மிச்சமிருப்பவர்களை மட்டும் எண்ணினால், நல்ல போன் வைத்திருப்பவர்களின் கணக்கு காம்போவுக்கும் எல்லோருடைய கணக்கு தள்ளுபடிக்கும் என்று ஆகிவிடும். அதனால்தான் திறந்தாரா இல்லையா என்று பார்க்காமல், பிரித்த 4,000 பேராலும் வகுக்கிறோம்.

கூப்பன் கசிவு இன்னொரு தொல்லை. ஒரே கூப்பனை எல்லோருக்கும் கொடுத்தால் அது இரவுக்குள் டெலிகிராம் குரூப்பில் இருக்கும். முழு விலைக் குழுவில் உள்ளவரும் அதைப் போட்டு வாங்கிவிடுவார். ஆஃபரை அந்தந்த மொபைல் நம்பரோடு கட்டிவிட வேண்டும். அப்படியும் கசிந்தால், யார் எந்த விலைக்கு வாங்கினார் என்பதை வைத்துக் குழு மாற்றாமல், முதலில் விழுந்த குழுவிலேயே அவரை வைத்து எண்ண வேண்டும்.

எந்தக் காம்போ?

நம் உதாரணத்தில் காம்போ பெரிதாகக் கொண்டுவராததற்குச் சோதனைக்கு வெளியேயும் ஒரு காரணம் உண்டு. அதைத் தெளிவாக விளக்கியவர் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர். அமெரிக்காவில் பட நிறுவனங்கள் நல்ல படத்தோடு சுமாரான படத்தையும் சேர்த்துக் கட்டி விற்றதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1962-ல் தவறு என்றது. ஏன் கட்டி விற்கிறார்கள் என்று ஸ்டிக்லர் 1963-ல் எழுதினார். அவர் கணக்கில் ஒருவர் முதல் படத்துக்கு 8,000 டாலரும் இரண்டாவதற்கு 2,500-ம் தரத் தயார். இன்னொருவர் 7,000-மும் 3,000-மும் தரத் தயார். தனித்தனியாக, எல்லோருக்கும் ஒரே விலையில் விற்றால் 7,000, 2,500 என்றுதான் வைக்க முடியும், மொத்தம் 19,000. சேர்த்து 10,000 என்று விற்றால் இருவரும் வாங்குவார்கள், 20,000 கிடைக்கும். இது நடப்பதற்குக் காரணம் இருவரின் ஆசையும் எதிரெதிராக இருப்பது. முதல் படத்தை அதிகம் விரும்புகிறவர் இரண்டாவதையும் அதிகம் விரும்பினால் காம்போவால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

டேலி, எக்ஸல், ஜி.எஸ்.டி. மூன்றையும் தேடுவது பெரும்பாலும் ஒரே ஆள்: கணக்கர் வேலைக்குப் போக நினைப்பவர். மூன்றிலும் ஆர்வம் உள்ளவருக்கு மூன்றும் வேண்டும், இல்லாதவருக்கு ஒன்றும் வேண்டாம். அங்கே காம்போ என்பது வேறு பெயரில் வந்த தள்ளுபடி. டேலியோடு ஸ்போக்கன் இங்கிலீஷைக் கட்டினால் நிலைமை மாறலாம். ஒன்றை உயிராக நினைப்பவர் மற்றதைக் கொஞ்சம் விரும்புகிறவராக இருப்பார். பழைய விற்பனைப் பட்டியலை எடுத்து, எந்த இரண்டு கோர்ஸை வெவ்வேறு ஆட்கள் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் அடுத்த சோதனைக்கான காம்போ அதில் கிடைக்கும்.

அதிகம் கொடுத்தவர்கள்

நியாயமான வாசிப்பைப் பற்றிப் பேசும்போது, வாங்குகிறவருக்கான நியாயத்தைத் தவிர்க்க முடியாது. 2000-ல் அமேசான் நிறுவனம் டி.வி.டி.களை வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு வெவ்வேறு விலையில் காட்டிச் சோதித்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய எதிர்ப்பு. விலை குலுக்கலில் மாறியதே தவிர ஆளைப் பார்த்து மாறவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதிகம் கொடுத்த 6,896 பேருக்குச் சராசரியாக 3 டாலர் 10 சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பொய்யான அவசரம் காட்டுவதைத் தடை செய்கின்றன. “இன்னும் பத்து நிமிடம்தான்” என்று ஓடி, முடிந்ததும் மறுபடி பத்திலிருந்து தொடங்கும் கடிகாரம் இதில் அடங்கும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கடிகாரம் சோதனையைக் கெடுக்கிறது. தள்ளுபடிப் பேஜில் கடிகாரம் இருந்து காம்போ பேஜில் இல்லை என்றால், அளந்தது விலையின் விளைவா பதற்றத்தின் விளைவா என்று சொல்ல வழியில்லை.

நம் உதாரணத்தில், ஆஃபர் ஓடிக்கொண்டிருந்த அதே இரண்டு வாரத்தில் டேலியை 2,000 கொடுத்து வாங்கி, ரீஃபண்ட் கேட்காமல் படிப்பவர்கள் முழு விலைக் குழுவில் 76 பேர், காம்போ குழுவில் 34 பேர். பக்கத்து வீட்டுக்காரருக்கு 1,200-க்குக் கிடைத்தது என்று அவர்களுக்கு ஒருநாள் தெரியவரும். தலைக்கு 800 ரூபாய் திருப்பினால் 88,000 ரூபாய். சோதனையின் செலவாக இதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும், தாங்காது என்றால் தள்ளுபடியைச் சிறிதாக்க வேண்டும். பணத்துக்குப் பதில் அவர்களிடம் இல்லாத ஒரு கோர்ஸைத் திறந்துவிடலாம். விற்பவருக்குப் பெரிய செலவில்லை, வாங்கியவருக்கு 1,500 ரூபாய் பொருள். ஆனால் அதைத் தொண்ணூறாவது நாள் முடிந்த பிறகே கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால், அவர்களில் எத்தனை பேர் அடுத்த கோர்ஸைக் காசு கொடுத்து எடுத்திருப்பார்கள் என்ற எண் கணக்கிலிருந்து போய்விடும்.